செங்கல் நிறக் கரைச் சீலையின் விபரம்

என் மகள் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு பருத்திச் சீலையைப் பற்றி எழுதிய சில வரிகளால். அந்த வரிகளை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்ன பிள்ளை ஒன்றரை வருடம் கழித்து உயிரோடு வீடு திரும்பினாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் போலப் பிள்ளை பெற்றவர்கள் இதை வாசிக்கும்போது கடைசிவரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டாம். எனக்குத்தான் இன்னும் அந்த நடுக்கம் போகவில்லை.

வாவிக் கரையில், மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில், ஒரு நெசவு நிலையம் இருந்தது. தகரக் கூரை போட்ட நீள மண்டபம், ஆறு தறிகள். கணவனைப் பறிகொடுத்த பெண்களுக்காக ஒரு உதவி நிறுவனம் கட்டிக் கொடுத்தது. பிறகு நிறுவனம் போய்விட்டது, தறிகள் மிஞ்சின. நான் அங்கே கிளாக்கர். நூல் வந்ததையும் துணி போனதையும் பதிவது, கடிதம் எழுதுவது, ஏறாவூரிலிருந்து சைக்கிளில் சாயம் போட்ட நூல் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரிக் காக்காவிடம் கட்டுகளை எண்ணி வாங்குவது என் வேலை. அந்த மண்டபத்தில் வேட்டியும் சேர்ட்டுமாக இருந்த ஒரே ஆள் நான்தான்.

அரசாங்கமும் இயக்கமும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த காலம். வெடிச்சத்தம் குறைந்திருந்தது. ஆனால் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் கேட்டு வருவது கூடியிருந்தது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் கூட்டிப் போய்விட்டார்கள். ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் வரும் வழியில், மற்றதைக் கோயில் சடங்கில் வைத்து. என் மகளுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவளை என்னோடு நெசவு நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். களஞ்சிய அறைக்குள் இருந்து தார் சுற்றுவாள். தார் என்பது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சிறிய நூல் குச்சி. வாசலில் ஒரு சைக்கிள் நின்றால் போதும், நான் பேனையை மூடிவிட்டுக் களஞ்சியக் கதவைப் பார்ப்பேன். வீட்டில் என் மனைவி பின்வேலியில் ஒரு பொட்டு வெட்டி வைத்திருந்தாள். பிள்ளை குனிந்து தப்பிப் போகக் கூடிய அளவு இடைவெளி.

கொழும்பில் கைத்தறித் துணி விற்கும் ஒரு கடை எங்களிடம் சீலைகள் எடுப்பதுண்டு. அதன் சொந்தக்காரி ஒரு தமிழ்ப் பெண், எனக்கு வயதில் மூத்தவர். நான் அவரைக் கண்டதில்லை, கடிதத்தில் மட்டும்தான் பழக்கம். அந்த வருடம் அவர் ஒரு புது யோசனை எழுதினார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தபாலில் சீலை விற்கப் போகிறார். சின்னப் புத்தகம் ஒன்று அச்சடிப்பார், ஒவ்வொரு சீலைக்கும் ஒரு படமும் அதன் கீழே விபரமும் இருக்கும். எங்கள் சீலையின் விபரத்தை நாங்களே எழுதி அனுப்பவேண்டும். அதைச் சொல்லும் பெண்ணின் பெயரும் வயதும் கீழே இருக்கவேண்டும். விபரம் நன்றாக வந்தால் அந்தப் பெண்ணையே கடையில் வேலைக்கு எடுப்பார். வாங்க வருகிறவர்களுக்குத் துணியைப் பற்றிச் சொல்ல ஒரு ஆள் தேவையாம். கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் இடம் எடுத்துக் கொடுப்பார், பொலிஸ் பதிவுக்குக் கடைக் கடிதமும் தருவார்.

கடைசி இரண்டு வசனங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்த நாளில் ஒரு தமிழ்ப் பிள்ளை கொழும்பில் தங்குவதென்றால் எதற்காக வந்தாய் என்ற கேள்விக்கு ஒரு கடதாசி வேண்டும். அந்தக் கடதாசி என் கையில் வந்ததுபோல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மேசையில் இருந்து நானே எழுதினேன். அதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது: 'வெண்முகிலை நூலாக்கி நெய்தாற்போன்ற அழகிய சேலை. பட்டை வெல்லும் மென்மை. செக்கச்செவேலென்ற எழில்மிகு கரை காண்போர் கண்களைக் கவரும். எல்லா விசேடங்களுக்கும் ஏற்றது.' கீழே மகளின் பெயரையும் வயதையும் போட்டு, சீலையோடு சேர்த்துத் தபாலில் அனுப்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. சீலையும் திரும்பி வந்திருந்தது. கடைக்கார அம்மா கோபமாக எழுதவில்லை, அதுதான் கூடுதலாக உறைத்தது. முகிலை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை, அதனால் அது வாங்குகிறவருக்கு உதவாது என்று எழுதியிருந்தார். கரை செக்கச்செவேல் இல்லை, அவர் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாராம், வேறொரு நிறமாம், அது ஏன் என்று சொல்லவேண்டுமாம். பட்டின் மென்மை இதில் கிடையாது, இதை நம்பி வாங்குகிற பெண் திருப்பி அனுப்புவாள். தொட்டால் எப்படி, கரையில் என்ன, எங்கே உடுத்துப் போகலாம், இந்த மூன்றும் போதும். அழகு என்ற சொல் ஒரு இடத்திலும் வேண்டாம். கடைசியில், 'இதை ஒரு பெண் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை' என்று முடித்திருந்தார்.

இரண்டாம் முறை பிழைத்தால் மூன்றாம் முறை இருக்காது என்று எனக்கு விளங்கியது. அடுத்த நாள் மத்தியானம், பெண்கள் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கும் நேரம், அந்தச் சீலையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன். கொழும்பில் விபரம் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். வேலை பற்றியும் விடுதி பற்றியும் சொல்லவில்லை. முதலில் எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்டார்கள், வாசித்தேன். ஒருத்திக்குச் சோறு புரையேறிவிட்டது.

"எங்க கிளாக்கர் ஐயா இந்த முகிலக் கண்டீங்க? எனக்கும் ரெண்டு யார் வெட்டித் தாங்களன்" என்றாள் முதல் தறியில் இருக்கிறவள்.

"அவர் உடுத்துப் பாத்துத்தான்கா எழுதியிருப்பார்" என்றாள் இன்னொருத்தி.

மூன்றாம் தறிப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து சீலையை வாங்கினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. தகப்பன் இல்லை. தாய் வாவித் துறையடியில் இறால் விற்பவள். அந்தச் சீலையை நெய்தது அவள்தான். ஒரு மடிப்பை அவிழ்த்து, கரையை விரலில் மடித்துப் பிடித்தாள்.

"கரையில சிவப்பு நூல் நீட்டுக்குப் போற பாவில மட்டுந்தான் ஐயா இரிக்கி. குறுக்க போற ஊடை வெள்ளை. சிவப்புக்கு மேலால வெள்ளை ஏறி ஏறிப் போனா எப்பிடிச் செக்கச்செவேல் எண்டு இரிக்கும்? செங்கல்லுட நிறம் எண்டு எழுதுங்க."

நான் எழுதினேன். அவள் தன் பாட்டில் சொல்லிக்கொண்டு போனாள், நூலைப் பார்த்துத்தான் பேசினாள், என்னைப் பார்த்து அல்ல. மற்றப் பெண்கள் நடுவில் ஒவ்வொன்று சேர்த்தார்கள். கலியாணத்துக்கு உடுக்கலாமா என்று கேட்டேன். இல்லை என்று ஆளுக்காள் தலையாட்டினார்கள். கலியாண வீட்டுக்கு முதல் நாள் பலகாரம் சுடப் போகிறவர்கள் உடுக்கலாம் என்றார்கள், அதில் ஒரு சிரிப்பு. பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக, கந்தோருக்கு வேலைக்குப் போக. அதன் பிறகு மூன்றாம் தறிப் பிள்ளை சொன்னாள்:

"ஆமிக் காம்ப் வாசல்ல போய் நிக்க இதுதான் நல்லம். அண்ணனத் தேடி அம்மா போன நேரம் நைலெக்ஸ் சீலை உடுத்துப் போய், வேர்த்து ஒட்டி, ஒரு மாதிரியாப் போச்சு. மறுகா இதத்தான் உடுத்தவ. எத்தின மணித்தியாலம் நிண்டாலும் மரியாதையா இரிக்கும்."

அந்த மண்டபத்தில் காம்ப் வாசலில் நிற்காதவர்கள் குறைவு. அதை அப்படியே எழுத எனக்குப் பயமாக இருந்தது, அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுதினேன். அன்று சேர்ந்து வந்தது இதுதான். பிரதி என்னிடம் இருக்கிறது:

'ஆறு யார் பருத்திச் சேலை, நாற்பதாம் நம்பர் நூல். நிறம் தேங்காய்ப்பூ வெள்ளை. அரிசிக் கஞ்சி போட்ட பாவில் நெய்தது. முதல் நாள் உடம்போடு படியாது, சற்று விலகி நிற்கும், நடக்கும்போது சரசரக்கும். மூன்று தரம் துவைத்த பிறகு கஞ்சி இறங்கி, பழைய தலையணை உறைபோல மிருதுவாகும். கையால் தடவினால் இடையிடையே சிறு தடிப்புகள் தட்டுப்படும். அறுந்த நூலை முடிச்சிட்ட இடங்கள் அவை, நீரில் அவிழாது. வெளிச்சத்தில் கொஞ்சம் ஊடு தெரியும், வெள்ளை உள்பாவாடை வேண்டும். கரை இரண்டு இஞ்சி அகலம். பாவில் சிவப்பும் ஊடையில் வெள்ளையும் சேர்ந்ததால் செங்கல் நிறம். கரையின் நடுவே ஒரு மஞ்சள் கோடு, அதன் இருபுறமும் நெல்மணி அளவில் வெள்ளைப் புள்ளி வரிசை. கரையில் இழைகள் நெருக்கம், அதனால் சேலையின் உடலைவிடக் கரை பாரம். கொய்யக மடிப்பு கலையாமல் கால்வரை நேராக விழும். தலைப்பில் ஒரு முழத்துக்கு ஊடையும் சிவப்பு, அங்கே மட்டும் கரை முழுச்சிவப்பு. முதல் இரண்டு தரமும் தனியாக, உப்புப் போட்டுத் துவைக்கவும், சிவப்பு சிறிது கழலும். இருந்து எழும்பினால் மடியில் கசங்கல் விழும். பாடசாலைக்கும் கந்தோருக்கும், கோயில் சடங்குக்கும் உகந்தது. கலியாணத்துக்கு உகந்ததல்ல, கலியாண வீட்டு வேலைக்கு உகந்தது. நெடுநேரம் வெயிலில் காத்து நிற்கவேண்டிய இடங்களுக்கு நல்லது.'

நல்ல தாளில் எழுதச் சொல்லி மகளிடம் கொடுத்தேன். என் கையெழுத்து ஒரு பெண்ணினதைப் போல இருக்காது என்று நினைத்தேன். அவள் களஞ்சிய அறையில் நூல் பெட்டி மேல் வைத்து எழுதினாள். கடைசிக்கு வந்ததும் பெயர் போடும் இடத்தில் நிறுத்தினாள்.

"அப்பா, இது அந்த அக்கா சொன்னதெல்லோ?"

"எல்லாரும் சேர்ந்துதான் சொன்னது" என்றேன்.

"அப்ப ஏன் என்ட பேர்?"

கதவை ஒருக்களித்துவிட்டு, மெதுவாக, "உன்னை இங்க வைச்சுப் பாக்க எனக்கு ஏலாது மகள்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பேனையைப் பார்த்தாள். பிறகு பெயரை எழுதினாள். மூன்றாம் தறியின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டு, கொழும்பில் ஒரு இடம் இருக்கிறது என்று சொல்ல எனக்குப் பத்து அடி நடந்தால் போதும். அவளும் இயக்கம் பிடிக்கிற வயதுதான். அவள் வீட்டில் ஒரு ஆண்பிள்ளை ஏற்கெனவே காணாமற் போனதால் அவளை விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி விட்டதாக நான் ஒரு வீட்டையும் அறியேன்.

இந்தத் தடவை கடைக்கார அம்மாவின் பதில் ஒரு வாரத்திலேயே வந்தது. ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். வெயிலில் காத்து நிற்கும் வசனத்தை வாசித்து நெடுநேரம் இருந்ததாகவும் எழுதியிருந்தார். கூடவே வேலைக் கடிதம். கிராம சேவகரிடம் நற்சான்று எடுத்து, நானே கூட்டிக்கொண்டு போய் விடுதியில் விட்டேன். பஸ் எங்கள் பக்கத்துச் சோதனைச் சாவடிகளைத் தாண்டும்வரை மகள் தலையில் முக்காடு போட்டுக் குனிந்தே இருந்தாள். விடுதிப் படியில் பையை வைத்துவிட்டுத் திரும்பியபோது, கனகாலத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

நெசவு நிலையத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எப்படி இடம் கிடைத்தது என்று கேட்டார்கள். கடிதம் எழுதிக் கேட்டேன் என்றேன். மூன்றாம் தறிப் பிள்ளை, தங்கச்சி நல்லா இருக்கிறாளா என்று இரண்டு முறை கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்று நான் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்தேன். தெரியாமல் இருக்கவேண்டும் என்று விரும்பினேன்.

மகளால் ஆறு வாரம்தான் தாங்க முடிந்தது. கடைக்கு வந்த ஒரு பெண், கரை ஏன் பாரம், இழையை எப்படி நெருக்கினீர்கள் என்று கேட்டிருக்கிறாள். இவளுக்குத் தார் சுற்றத்தான் தெரியும். தறியில் அச்சு என்று ஒன்று, சீப்புப் போல இருக்கும், அதன் ஒரு பல்லுக்குள் உடலுக்கு விடுவதைப்போல இரண்டு மடங்கு இழை கரைக்கு விடுவார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. அன்று கடை பூட்டுமுன் எல்லாவற்றையும் கடைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவர் இவளை அனுப்பிவிடவில்லை. கணக்கு எழுத வைத்துக்கொண்டார். ஆனால் எனக்கு ஒரு கடிதம் வந்தது, இரண்டு தாள். ஒன்று மூன்றாம் தறிப் பிள்ளையின் பெயருக்கான வேலைக் கடிதம். மற்றதில் ஒரே ஒரு வரி: 'இதை அந்தப் பிள்ளையிடம் உங்கள் கையாலேயே கொடுங்கள்.'

கடிதம் கிடைத்தது ஒரு திங்கட்கிழமை. மூன்றாம் தறியில் ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போகும்போது துறையடிக்கு முந்திய திருப்பத்தில் வைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று முதல் தறிக்காரி சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கடிதத்தைச் சேர்ட் பைக்குள் வைத்தேன். பிறகு வெளியே எடுத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் அன்று வந்த நூலை இரண்டு தரம் எண்ணினேன்.

அடுத்த நாள் காலையில் தாயைத் தேடித் துறையடிக்குப் போனேன். அவள் இறால் கூடைகளுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தாள், விற்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விபரம் சொன்னது யார், பெயர் போட்டது யார், எந்த இடம் யாருக்கு வரவேண்டியிருந்தது. ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஒளிக்க இனி எதுவும் இருக்கவில்லை. அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாததால் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல அவள்ட பேர் இரிக்கா?"

"ஓம்."

"எங்க? விரல் வைச்சுக் காட்டுங்க."

காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தாள்.

"அப்ப வேலை கிடைச்ச புள்ள எண்டு கேக்கலாம். நீங்களும் வாங்க. அவள் சொன்னதுதான் எண்டு நீங்கதான் சொல்லோணும். நான் சொன்னா ஆரு நம்புவான்?"

பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க இயக்கத்தின் அலுவலகம் வாவிக்கு அந்தப் பக்கம், அவர்கள் பிடியில் இருந்த படுவான்கரையில் இருந்தது. என் மகளை ஒளித்து வைத்த எட்டு மாதமும் நான் அந்தப் பக்கம் போனதில்லை. வருகிறேன் என்று சொன்னேனா, தலையாட்டினேனா, நினைவில்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, தண்ணீரைக் கடந்து, பிறகு வட்டைக்கு ஊடாக நடந்தோம். வெட்டு முடிந்து அடிக்கட்டை மட்டும் நின்ற வயல். அவள் முன்னால் போனாள், நான் பின்னால்.

ஒரு வேப்பமரத்துக்குக் கீழே எங்களைப்போல ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மத்தியானம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினான், அம்மா, ஐயா என்றுதான் சொன்னான். கடிதத்தை வாசித்தான். கொழும்புக் கடை எப்படி இந்தப் பிள்ளையை அறியும் என்று கேட்டான். நான் சீலையின் விபரத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் விளங்காதவனாக என்னைப் பார்த்தான். ஒரு சீலைக்கு எழுதியதற்காக வேலையா என்று கேட்டான். பிரதியை நீட்டினேன். முழுவதும் வாசித்தான், ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்பவும் வாசித்தான். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது.

"இதுல கீழ வேற பேரெல்லோ இரிக்கி" என்றான். "இது ஆரு?"

தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என் மகளின் பெயர் தெரியும், இருக்கும் இடமும் தெரியும். வாய் திறக்கவில்லை. நான் பொய் சொல்லியிருக்கலாம், நிலையத்தில் யாரோ ஒரு பெண் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அந்த வரிகள் அவளுடையவை என்பதற்கு என் சாட்சி எதற்கு உதவும்?

"என்ட மகள்" என்றேன். "சொன்னது இந்த அம்மாட மகள். நான்தான் என்ட பிள்ளைட பேரைப் போட்டு அனுப்பினன்."

"உங்கட மகள் இப்ப எங்க?"

"கொழும்பில."

"உங்கட வீட்டில இருந்து இயக்கத்துக்கு ஆரும் வந்திருக்காங்களா?"

"இல்ல. ஒரு பிள்ளைதான்."

அவன் ஒரு கொப்பியை எடுத்து மகளின் பெயரையும் எங்கள் ஒழுங்கையின் பெயரையும் எழுதினான். எழுதிய பிறகு பிரதியையும் கடிதத்தையும் மடித்துத் தாயிடம் கொடுத்தான். மேலிடத்துக்குச் சொல்வதாகவும் அடுத்த மாதம் வந்து கேட்கும்படியும் சொன்னான். பிள்ளையைப் பார்க்க விடவில்லை.

அடுத்த மாதமும் போனோம், அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு ஆள் மேசையில் இருந்தான், ஒவ்வொரு முறையும் நான் முதலிலிருந்து சொன்னேன். கடிதம் மடிப்பில் கிழியத் தொடங்கியபோது பின்னால் ஒரு தாள் ஒட்டிக் கொடுத்தேன். பிள்ளை பிறகு வந்தது அந்தக் கடிதத்தால் அல்ல. இயக்கம் தனக்குள் பிரிந்து கலைந்த நேரம், பல பிள்ளைகளோடு அவளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அலுவலகத்துக்குப் போன அந்த முதல் நாள் திரும்பி வரும்போது பாதையில் நாங்கள் இருவரும்தான், ஒரு சைக்கிள்காரனும். வாவி நடுவுக்கு வந்தபோது அவள் பேச்செடுத்தாள்.

"உங்கட மகள்ட பேர எழுதிப்போட்டான் கிளாக்கர் ஐயா."

"ஓம். கண்டன்."

"நீங்க சொல்லாம விட்டிருக்கலாம்."

அவள் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அழுதாளா, வேர்வையா என்று நான் பார்க்கவில்லை.

"புள்ள சித்திரை வருசத்துக்கு ஊருக்கு வர நினைச்சிருப்பாள்" என்றாள். "வரவேணாம் எண்டு எழுதுங்க. இண்டைக்கே எழுதுங்க."

அன்றைக்கே எழுதினேன்.